இமையில் தங்கும் மிச்சம்

தண்ணீருக்கு அசையாத மஸ்காராவின் சேர்மானம் எளிமையானது. தேன்மெழுகு, கார்னவுபா மெழுகு, கறுப்பு நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு, பிடிமானத்துக்குச் சிலிக்கோன் பிசின், இவை எல்லாவற்றையும் இளக்கி வைத்திருக்க ஐசோடோடெக்கேன் போன்ற ஆவியாகும் எண்ணெய் ஒன்று. தூரிகையால் இமைமயிரில் தடவிய சில நிமிடங்களில் அந்த எண்ணெய் பறந்துவிடும். மெழுகும் பிசினும் நிறத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மயிரையும் சுற்றி இறுகும். நாள் முழுக்க அழியாது என்று விற்கப்படும் காஜலும் ஐலைனரும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். கண்ணீரும் வியர்வையும் மழையும் அவற்றை அசைப்பதில்லை. மூன்றிலும் இருப்பது தண்ணீர், மெழுகும் தண்ணீரும் கலப்பதில்லை.

இரவில் அதை எடுக்க நாம் உருவும் வைப்ஸிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

பாக்கெட்டில் இருக்கும் அந்த ஈரத்துணி நெய்யப்பட்டது அல்ல. விஸ்கோஸ், பாலியெஸ்டர் இழைகளைப் பரப்பி, உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, இழையோடு இழை பின்னிக்கொள்ளச் செய்து உருவாக்குகிறார்கள். பிறகு துணியின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு திரவத்தை அதில் ஏற்றுகிறார்கள். அந்தத் திரவத்தில் தண்ணீர் போக மீதி மிகக் கொஞ்சம்: அழுக்கை எடுக்கும் சர்ஃபாக்டன்ட், காய்ந்துவிடாமல் இருக்க கிளிசரின் அல்லது கிளைக்கால், மணத்துக்கு ஏதாவது, கிருமி வளராமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள். வாரக்கணக்கில் ஈரமாகவே மூடிக்கிடக்கும் துணி பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல விளைநிலம் என்பதால், கடைசியில் சொன்ன பொருள் இல்லாமல் வைப்ஸ் செய்யவே முடியாது. இதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் துணி இமையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதிப் பொறியாளர் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் சலவைப் பொருள்களில் வேலை செய்தவர். எந்த அழுக்கும் எந்தப் பரப்பிலிருந்தும் நான்கு காரணிகளால் போகிறது என்று அவர் 1959-இல் வகுத்துக் காட்டினார். வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம். நான்கும் சேர்ந்து ஒரு முழு வட்டம். ஒன்றின் பங்கைக் குறைத்தால் மற்றவற்றின் பங்கு கூடியே ஆகவேண்டும். சலவை இயந்திரம் செய்பவர்களும் மருத்துவமனைத் தரை துடைப்பவர்களுக்குப் பயிற்சி தருபவர்களும் இன்றுவரை இந்த வட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். முகத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

வைப்ஸை இந்த வட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பம் கிடையாது. நேரமும் கிடையாது, ஏனென்றால் ஒரு கண்ணுக்கு யாரும் சில வினாடிகளுக்கு மேல் செலவிடுவதில்லை. அந்த வேகத்துக்காகத்தான் வைப்ஸையே வாங்குகிறோம். வேதிப்பொருள் உண்டு, ஆனால் கண்ணருகே போவதால் வீரியம் குறைத்து வைக்கப்பட்டது, மெழுகைக் கரைக்கும் எண்ணெய்ப் பகுதி அதில் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. மூன்று காரணிகளும் கைவிட்ட வேலை முழுவதும் நான்காவதான தேய்ப்பின் தலையில் வந்து விழுகிறது. முதல் இழுப்பில் மஸ்காரா நகராது. இரண்டாவது இழுப்பில் கொஞ்சம் கலங்கிக் கன்னத்துக்கு இறங்கும். அதை எடுக்கக் கீழிமையில் இன்னும் நாலு இழுப்பு. இதற்குள் துணியின் ஈரம் பாதி போயிருக்கும். ஈரப்படலம் மெலிந்தால் வழுக்கல் குறையும், இழைகள் தோலை நேரடியாகப் பிடித்து இழுக்கும். அதே சமயம் முதல் இழுப்புகளில் நனைந்த தோலோ ஊறி மென்மையாகி, உரசலுக்கு இன்னும் எளிதாக இடம்கொடுக்கும் நிலையில் இருக்கிறது. உராய்வு மிகக் கூடும் நேரமும் தோல் மிகத் தளர்ந்த நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இவ்வளவும் நடக்கும் இடம் இமை. உடலிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. முதுகுத்தோலின் தடிமன் இதைப்போலப் பல மடங்கு. இமைத்தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தையும் கிட்டத்தட்ட இல்லை. தளர்வான இணைப்புத் திசுவின்மேல் மிதப்பதுபோல் கிடப்பதால்தான் நிமிடத்துக்குப் பலமுறை கண் சிமிட்ட முடிகிறது. கன்னத்தில் துணியை இழுத்தால் துணி தோலின்மேல் வழுக்கிப் போகும். இமையில் இழுத்தால் தோலும் கூடவே வரும், மடியும், மடிப்பின் முகடுகள் மட்டும் மீண்டும் மீண்டும் உரசப்படும்.

தோலின் மேற்பரப்பில் இருக்கும் கொம்புப்படலத்தை அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் ஒரு செங்கல் சுவராக விவரித்தார். இறந்து தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் சேர்ந்த கொழுப்புப் படலம் சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும் வெளியிலிருந்து கண்டது உள்ளே நுழையாமலும் காப்பது முக்கியமாக அந்தச் சாந்துதான். உரசல் செங்கற்களை உரிக்கும், சர்ஃபாக்டன்ட் சாந்தைக் கிளறும். ஒன்று மட்டும் நடந்தால் தோல் ஓரிரு நாளில் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக, ஒவ்வொரு இரவும், சுவரே மெலிதாக உள்ள இடத்தில் நடந்தால் பழுதுபார்க்க அவகாசம் கிடைக்காது.

ஆனால் இமை கெடுவதற்கு உரசலைவிடக் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. அது, துடைத்து முடித்தபிறகு நடப்பது.

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை தண்ணீரை நாடும். அதனால்தான் அது எண்ணெய்ப்பசையைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பிவைக்கிறது. அனுப்பிவைக்கத் தண்ணீர் ஓட வேண்டும். துடைப்பதில் ஓட்டம் என்பதே இல்லை. துணி ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், மீதி மெல்லிய ஈரமாக இமையில் தங்கும். ஓரிரு நிமிடத்தில் அது காய்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். காய்ந்தது தண்ணீர் மட்டுமே. ஆவியாகாதவை எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரு கண்களைச் சுற்றியும் பத்தில் ஒரு மில்லிலிட்டர், அதாவது இரண்டு சிறு துளி ஈரம் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சர்ஃபாக்டன்ட் நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் தோலில் இருப்பது ஒரு மில்லிகிராம். பாக்கெட்டில் இருக்கும்போது அது ஒரு சதவீதக் கரைசல். இமையில் தண்ணீர் ஆவியாக ஆக அது ஐந்து சதவீதம், பத்து, இருபது என்று கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். தயாரிப்பாளர் சாந்தமானது என்று சோதித்தறிந்த வீரியம் வேறு, இரவு முழுவதும் இமை சுமக்கும் வீரியம் வேறு. இப்போது அதே ஈரத்தின்மேல் பத்து மில்லிலிட்டர் தண்ணீரை அள்ளி விடுங்கள், மீண்டும் பத்தில் ஒரு மில்லிலிட்டர் ஈரம் மட்டும் மிஞ்சட்டும். ஒரு மில்லிகிராம் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இன்னொரு கை தண்ணீர், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உண்மையில் இவ்வளவு சுத்தமாகக் கழுவப்படாது. சில சர்ஃபாக்டன்ட்கள் தோலின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், மடிப்புகளில் தண்ணீர் சரியாகப் புகாது. அப்படியிருந்தும் இரண்டு கை தண்ணீர் செய்யும் வேலையை இருபது வைப்ஸ் செய்யாது.

அழகுசாதனச் சட்டங்கள் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. தோலில் விட்டுவைப்பவை, கழுவிவிடுபவை என்று பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒரே வேதிப்பொருளுக்கு இரண்டு வரம்புகள் விதிக்கிறார்கள். வைப்ஸால் துடைக்கும்போது நாம் எதையோ எடுத்துவிட்டதாக நினைத்தாலும், கிரீம் பூசுவதற்கும் அதற்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடில்லை. அது விட்டுவைக்கும் வகையைச் சேர்ந்தது. இதைக் கவனிக்காமல் விட்டதற்கு ஐரோப்பா கொடுத்த விலையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

1980-களில் காத்தான் என்ற வணிகப்பெயரில் ஒரு பதப்படுத்தும் கலவை ஷாம்புகளிலும் கிரீம்களிலும் பரவியது. மூன்று பங்கு மெத்தில்குளோரோஐசோதயசோலினோன், ஒரு பங்கு மெத்தில்ஐசோதயசோலினோன். ஒவ்வாமை அதிகமானதால் அதன் அளவைச் சுருக்கினார்கள். கலவையில் குற்றவாளி முதல் பொருள்தான், இரண்டாவது சாது என்று கருதப்பட்டது. அதனால் 2005-இல் மெத்தில்ஐசோதயசோலினோனைத் தனியாக, பத்து லட்சத்தில் 100 பங்குவரை அழகுசாதனங்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. பழைய கலவை பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற வரம்பில் இருந்தபோது அதில் இந்தப் பொருளின் பங்கு நான்குக்கும் குறைவு. ஆக, சாது என்று கருதிய ஒன்றின் அளவு ஒரே அடியில் இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. ஈரத்திலேயே கிடக்கும் வைப்ஸுக்கு அது மிகவும் தோதாக இருந்தது.

சில ஆண்டுகளில் தோல் மருத்துவமனைகளில் முகத்திலும் இமையிலும் கையிலும் அரிப்புப் புண்ணோடு வருவோர் பெருகினார்கள். 2013-இல் அமெரிக்கத் தொடுஒவ்வாமை மருத்துவர் சங்கம் மெத்தில்ஐசோதயசோலினோனை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2014-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழ் ஆறு குழந்தைகளின் கதையை வெளியிட்டது. ஆறு பேருக்கும் ஈர வைப்ஸால் வந்த ஒவ்வாமை. அது தெரியாமல் வேறு தோல்நோய்களாக எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வைப்ஸை நிறுத்தியதும் தோல் தேறியது. தோலில் விட்டுவைக்கும் எல்லாப் பொருள்களிலும் மெத்தில்ஐசோதயசோலினோனுக்கு 2017-இல் ஐரோப்பா தடை விதித்தது. கழுவிவிடும் பொருள்களில் மட்டும் பத்து லட்சத்தில் 15 பங்குவரை 2018 முதல் இருக்கலாம் என்றது. ஒரே மூலக்கூறு, தண்ணீர் விட்டுக் கழுவினால் கொஞ்சம் அனுமதி, கழுவாவிட்டால் துளியும் இல்லை. கழுவுதல் என்ற செயலுக்கு இருக்கும் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டமும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வைப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் வீண்வேலை ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை பதிந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும்.

மிசெல்லர் வாட்டர் என்று பாட்டிலில் வருவதும் இதே பேச்சுக்குள் வரும். அதிலுள்ள சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அந்த உருண்டைக்குத்தான் மிசெல் என்று பெயர். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம் என்று பாட்டில் சொல்லும். வைப்ஸைவிட அது ஒருபடி மேல்தான், ஏனென்றால் பஞ்சை நன்றாக ஊறவைத்துக் கண்மேல் வைத்திருக்க முடியும். ஆனால் காய்ந்தபின் மிச்சம் தங்குவதில் இரண்டுக்கும் பேதமில்லை. கழுவ வேண்டாம் என்ற வாக்கியத்தை இமையைப் பொறுத்தவரை நான் ஏற்பதில்லை.

அப்படியானால் கண் மேக்கப்பை எடுப்பது எப்படி? சின்னரின் வட்டத்துக்குத் திரும்பினால் விடை கிடைக்கும். தேய்ப்பின் பங்கைக் குறைக்க வேண்டுமென்றால் வேதிப்பொருளையும் நேரத்தையும் கூட்ட வேண்டும். மெழுகைக் கரைப்பது எண்ணெய். எனவே இரண்டு அடுக்காக நிற்கும் ரிமூவர் ஒன்றைக் குலுக்கிப் பஞ்சில் தாராளமாக விட்டு, மூடிய இமையின்மேல் அழுத்தாமல் வைத்து, அரை நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் எண்ணெய் அடுக்கு மெழுகுக்குள் ஊறி அதை இளக்கிவிடும். பிறகு மயிர் வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. பாதிக்கு மேல் பஞ்சோடு வந்துவிடும். வராவிட்டால் புதுப் பஞ்சை மீண்டும் வைத்துக் காத்திருப்பதுதான் வழி, அழுத்தித் தேய்ப்பது அல்ல.

கழுவும் வகை க்ளென்சிங் ஆயிலில் இதே வேலை விரலால் நடக்கும். உலர்ந்த முகத்தில், உலர்ந்த கையால், மூடிய இமைமேல் பூப்போல வட்டமிட்டால் சில வினாடிகளில் மஸ்காரா கறுப்புக் குழம்பாகும். அதன்பிறகு விரலை நனைத்துத் தொட்டால் அந்தக் குழம்பு வெண்மையாகும். அதிலுள்ள குழம்பாக்கும் பொருள் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு சேர்த்துக்கொண்டதன் அடையாளம் அந்தப் பால்நிறம். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று முறை அள்ளி விட்டால், மேக்கப்பும் எண்ணெயும் அவற்றை எடுத்த பொருளும் ஒன்றாகப் போய்விடும். முகம் முதலிலேயே ஈரமாக இருந்தால் எண்ணெய் மெழுகைத் தொடும் முன்பே பாலாகிவிடும், மஸ்காரா அப்படியே நிற்கும். க்ளென்சிங் ஆயில் வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு இந்தப் பிழையும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் கண்மையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். பரதநாட்டியக் கலைஞர்கள் அடர்ந்த மேடை ஒப்பனையை அப்படித்தான் காலங்காலமாக இளக்கி எடுக்கிறார்கள். கரைக்கும் வேலையில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் குழம்பாக்கும் பொருள் கிடையாது. தண்ணீர் விட்டால் பாலாகாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும், நிறத்துகள் கலந்த எண்ணெய் இமையோரத்திலேயே நிற்கும். இமையோரத்தில் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் கொழுப்பைச் சுரப்பவை அவை. வெளி எண்ணெய் கண்ணீர்ப்படலத்தில் கலந்தால் பார்வை சற்று நேரம் மங்கும், உறுத்தும். தேங்காய் எண்ணெய்க்குப் பிறகு சோப்பு இல்லாத சாந்தமான ஃபேஸ்வாஷால் ஒருமுறை கழுவினால் இந்தச் சிக்கல் தீரும்.

சோப்பு இல்லாத என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண சோப்பின் காரத்தன்மை பி.எச். 9, 10 என்ற அளவில் இருக்கும், தோலின் மேற்பரப்போ ஐந்தை ஒட்டிய அமிலத்தன்மை கொண்டது. இன்னொன்று, நம் தண்ணீர். கழுவுவதன் நன்மை முழுவதும் தண்ணீரைப் பொறுத்தது. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் உள்ள ஊர்களில், சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி வாளியில் படிவதைப்போலவே தோலிலும் படியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சைமன் டான்பி குழுவினர் இதை நேரடியாக அளந்தார்கள். கடின நீரில் கழுவிய தோலில் சோடியம் லாரில் சல்ஃபேட் அதிகமாகத் தங்கியது, எரிச்சலும் கூடியது. அதனால் கடின நீர் வரும் வீட்டில் கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது ஒரு டம்ளர் குடிநீரை எடுத்துக்கொள்வது நல்லது. மிகச் சூடான தண்ணீரும், நுரைக்க நுரைக்க நாலுமுறை கழுவுவதும் வைப்ஸைப்போலவே இமையைக் காயவைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரயிலில், மருத்துவமனைப் படுக்கையில், தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் வைப்ஸுக்கு இடம் உண்டு. அப்போதும் கண்ணில் வைத்துக் காத்திருந்து எடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரில் நனைத்த பஞ்சால் இரண்டுமுறை ஒற்றி எடுத்தால் மிச்சம் பெருமளவு போகும்.

இமை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் அது எரிச்சலா ஒவ்வாமையா என்று பிரித்தறிய வேண்டும். எரிச்சல் என்றால் துடைத்தவுடனோ சற்று நேரத்திலோ காந்தும். தோல் காகிதம்போல் சுருங்கி நுண்ணிய செதில் தெரியும். துணி போன வழியில், குறிப்பாகக் கடைக்கண்ணில், அது அதிகமாக இருக்கும். சாதாரண மாய்ஸ்சரைசர்கூடச் சுள்ளென்று பிடிக்கும். வைப்ஸை நிறுத்தி வாசலின் மட்டும் மெல்லத் தடவிவந்தால் ஓரிரு வாரத்தில் அடங்கும். ஒவ்வாமை உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும், காந்தலைவிட அரிப்பு மேலோங்கும், காலையில் இமை வீங்கியிருக்கும், துணி படாத இடத்துக்கும் பரவும். அதற்கு மருந்துக்கடையில் தானாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவக் கூடாது. இமையில் தொடர்ந்து தடவினால் கண்ணழுத்தம் உயரவும் கண்புரை வரவும் இடமுண்டு.

ஒவ்வாமையை உறுதிசெய்யும் வழி பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் இரண்டு நாள் ஒட்டி, எடுத்தபின் ஒருமுறையும் அடுத்த ஓரிரு நாளில் மறுமுறையும் பார்ப்பார்கள். போகும்போது வீட்டிலுள்ள வைப்ஸ், ரிமூவர், ஃபேஸ்வாஷ் எல்லாவற்றையும் பாக்கெட்டோடு கொண்டுபோக வேண்டும். வைப்ஸின் திரவத்தை அப்படியே ஒட்டிப் பார்க்கலாம். ஃபேஸ்வாஷை நீர்க்கச் செய்துதான் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் மூடிக்கிடந்த சர்ஃபாக்டன்ட் யார் முதுகையும் சிவக்கவைத்து ஒவ்வாமைபோல் ஏமாற்றிவிடும். மெத்தில்ஐசோதயசோலினோனைத் தனியாக வைத்தார்களா என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கலவையில் அதன் பங்கு குறைவு என்பதால், கலவையை மட்டும் வைத்துச் சோதித்தபோது கணிசமானோரின் ஒவ்வாமை தெரியாமலே போனது.